ஒன்று பத்துக்கு வரும் இன்ஸ்பெக்டர்

என் கணவர் தன் தலைவலிக்கு வைத்திருக்கும் பெயர் இன்ஸ்பெக்டர். அவர் லிஃப்ட் மெக்கானிக். வருடத்துக்கு ஒருமுறை லிஃப்டைச் சோதிக்க வரும் இன்ஸ்பெக்டர் சொன்ன தேதியில், சொன்ன நேரத்துக்கு வந்து நின்று எல்லாவற்றையும் குடைந்தெடுப்பாராம். இதுவும் அப்படித்தான். குளிர் தொடங்கும் மாதத்தில் வரும். வந்தால் ஏழெட்டு வாரம் தங்கும். பதினொன்றரைக்கு அவர் தூங்கினால் ஒன்று பத்துக்கு எழுப்பும். வலக்கண்ணுக்குப் பின்னால் மட்டும்தான் வலி. இடக்கண் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் இருக்கும். சீசன் முடிந்தால் அடுத்த வருடம் வரை ஒன்றும் கிடையாது.

நான் மார்புநோய் வார்டில் ஹெட் சிஸ்டர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். "எனக்குத் தெரியாதா?" என்ற வாக்கியத்தை ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்வேன் என்று வார்டில் கேலி செய்வார்கள். இந்தக் கதையில் அந்த வாக்கியத்துக்குத்தான் அடி விழுகிறது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வருடம் சைனஸ் என்றார்கள். கண்ணில் நீர் வழிந்தது, அதே பக்கத்து மூக்கு அடைத்தது, நானும் தலையாட்டினேன். இரண்டாவது வருடம் பல் என்றார்கள். வலப்பக்கம் மேல்வரிசையில் இரண்டு நல்ல பற்கள் போயின. இன்ஸ்பெக்டர் அடுத்த நாளும் ஒன்று பத்துக்கு வந்தார். "என் பல்லு போனாலும் இன்ஸ்பெக்டர் சொல்லு போகாது" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது வருடம், போன மாதம்தான், நரம்பு டாக்டரிடம் போனோம். என் மகள் வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. அவர் வலியைப் பற்றி அதிகம் கேட்கவில்லை. "வலி வந்தா படுப்பீங்களா, நடப்பீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"படுக்கவா? நடப்பேன், ஆடுவேன், செவுத்துல முட்டுவேன். உக்கார முடியாது டாக்டர்."

"அந்தப் பக்கத்து இமை தொங்குமா?"

"தொங்கும்," என்றேன் நான். "கண்ணு ரத்தமா செவந்துடும்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். ஒற்றைத் தலைவலிக்காரர்கள் இருட்டில் அசையாமல் படுப்பார்கள், இது வேறு, கொத்துத் தலைவலி என்றார். மூளையின் அடியில் உடம்பின் கடிகாரம் இருக்கும் ஒரு சின்ன இடம் உண்டாம். தூக்கம், விழிப்பு, பருவம் எல்லாம் அதன் கணக்கில்தான் நடக்கும். இந்த நோயில் அந்த இடத்துக்கும் முகத்து நரம்புக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது. அதனால்தான் மணி தவறாமல், தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில், வருடத்தில் அதே மாதத்தில் வருகிறது. முகத்து நரம்பு ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி. எந்தப் பக்கத்து நரம்பு முறுக்கிக்கொள்கிறதோ அந்தக் கண்ணுக்குப் பின்னால்தான் வலி. கண்ணீரையும் மூக்கையும் கவனிக்கும் நரம்புகளையும் அது கூடவே உசுப்பிவிடுகிறது.

"ஏன் இவருக்கு மட்டும்னு கேட்டா, முழுசா யாருக்கும் தெரியாது," என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

வலி வராமல் தடுக்க ஒரு மாத்திரை. ஈசிஜி பார்த்துப் பார்த்து மெதுவாகத்தான் அளவைக் கூட்ட வேண்டும், பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும். சீசனில் ஒரு சொட்டு மதுகூடக் கூடாது, பகல் தூக்கமும் வேண்டாம். வந்த வலியை உடனே நிறுத்த ஓர் ஊசி உண்டு. ஆனால் நான்கு வருடம் முன்பு இவர் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம், அதனால் அந்த ஊசி கூடவே கூடாது. மிச்சம் இருந்தது ஆக்ஸிஜன் ஒன்றுதான்.

ஆக்ஸிஜன்! எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. என் வார்டில் நாள் முழுக்க அதுதானே வேலை. டாக்டர் எழுதிய சீட்டை வாங்கி மடித்துப் பையில் போட்டேன். பையை மளிகைக் கடை சாமானுடன் சேர்த்துத் தூக்கி வந்தேன் என்றுகூடச் சொல்லலாம், அவ்வளவுதான் அதற்கு நான் கொடுத்த மரியாதை. மறுநாள் ஆள் உயர சிலிண்டர் வீட்டுக்கு வந்தது. அடுப்பங்கரைக்கு எட்டத்தில், முன்னறை மூலையில் சங்கிலி போட்டு நிறுத்தினேன். கூட வந்த முகமூடியை அலமாரியில் போட்டுவிட்டு, மூக்கில் செருகும் குழாய் மாட்டி, மீட்டரை நிமிடத்துக்கு இரண்டு லிட்டரில் வைத்தேன்.

சீட்டில் பன்னிரண்டு என்று இருந்தது. பை வைத்த முகமூடி என்றும் இருந்தது. படித்தேன். படித்துவிட்டுத்தான் இரண்டில் வைத்தேன். நாள்பட்ட நுரையீரல் நோயாளிக்கு ஆக்ஸிஜனை அளவு மீறித் திறந்தால் கரியமில வாயு உடம்பில் தேங்கி ஆளே மயங்கிப்போவார். புது நர்ஸ்கள் மீட்டரில் கை வைத்தால் நான் கையைத் தட்டிவிடுவேன். பன்னிரண்டைப் பார்த்ததும், சின்னப் பெண், சிலிண்டர் பக்கம் நின்றே இருக்க மாட்டாள் என்று நினைத்தேன். எனக்குத் தெரியாதா?

ஒவ்வொரு ராத்திரியும் ஒன்று பத்துக்கு அவர் எழுந்து முன்னறைக்குப் போவார். நான் பின்னாலேயே போய்க் குழாயை மாட்டிவிட்டு மீட்டரைச் சரிபார்ப்பேன். "கிட்ட வராதே. போய்ப் படு," என்பார். வலியில் அவர் முகம் யாருடையதோ மாதிரி இருக்கும். முப்பது வருடத்தில் என்னிடம் குரல் உயர்த்தாத மனிதர். நான் படுக்கைக்குத் திரும்பிக் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். முன்பெல்லாம் அவர் நடக்கும் சத்தமும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் நெற்றியை முட்டும் சத்தமும் கேட்கும். ஆக்ஸிஜன் வந்த பிறகு சத்தமே இல்லை. காலையில், "பரவாயில்ல, சிஸ்டரம்மா. கேக்குது," என்பார். நானும் வார்டில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் எனக்கு விடுப்பு. அவர் வேலைக்குப் போயிருந்தார். ஈசிஜிக்குக் கொண்டுபோக வேண்டிய காகிதங்களைத் தேடியபோது அவருடைய பழைய பராமரிப்புப் பதிவேடு ஒன்று கிடைத்தது. லிஃப்டுக்கு வைப்பது. டாக்டர் வலியைக் குறித்து வைக்கச் சொல்லியிருந்தார், இவர் அதையே எடுத்துக்கொண்டிருக்கிறார். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கோளாறு, காரணம், செய்த வேலை என்று கட்டங்கள். எழுத்து முத்துமுத்தாக இருந்தது.

ஆக்ஸிஜனுக்கு முன்: ஒன்று பத்து முதல் இரண்டு இருபத்தைந்து வரை. ஆக்ஸிஜன் வந்த பிறகும் ஒன்று பத்து முதல் இரண்டு இருபத்தைந்து வரை. ஒருநாள் இரண்டு நாற்பது. எட்டு நாளும் 'செய்த வேலை' கட்டத்தில் எழுதியிருந்தார்: "ஆக்ஸிஜன், இரண்டு லிட்டர். பயனில்லை. அவளிடம் சொல்லவில்லை. தரையில் போர்வை விரித்து நடந்தேன்."

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சோபாவுக்கு அடியில் அந்தப் போர்வை மடித்து வைத்திருந்தது. நெற்றி முட்டும் இடத்துக்கு ஒரு தலையணையும் இருந்தது.

டாக்டருக்கு ஃபோன் போட்டேன். ஆக்ஸிஜன் பலிக்கவில்லை என்றேன். எத்தனை லிட்டர் என்று கேட்டார். இரண்டு என்றேன்.

"சிஸ்டர், இவருக்கு நுரையீரல்ல ஏதாவது இருக்கா?"

"இல்ல டாக்டர். சுத்தமா இருக்கு."

"அப்புறம் ஏன் உங்க வார்டு நோயாளிக்குக் குடுக்கற அளவை இவருக்குக் குடுக்கறீங்க? அவங்களுக்கு ஆக்ஸிஜன் குறையுது, அதுக்காகக் குடுக்கறோம். இவருக்கு அப்படி இல்ல. இங்க அதுவேதான் மருந்து. வலி ஆரம்பிச்ச உடனே, நிறைய, காத்து கலக்காம போகணும். அதுக்குத்தான் பை வச்ச முகமூடி. பதினஞ்சு, இருபது நிமிஷம்."

அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "இன்னிக்கு ராத்திரி சரியா வச்சுப் பாருங்க," என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. ஒன்று எட்டுக்கு அவர் கை நெற்றிக்குப் போனது. ஒன்று பத்துக்கு எழுந்து உட்கார்ந்தார். வலது இமை தொங்கத் தொடங்கியிருந்தது, கண்ணீர் கன்னத்தில் இறங்கியது.

"வாங்க," என்று முன்னறைக்கு அழைத்துப்போனேன். நாற்காலியில் உட்காரவைத்து முன்னால் சாயச் சொன்னேன். பை நிரம்பியதும் முகமூடியை இடைவெளி இல்லாமல் பொருத்தினேன். மீட்டரைத் திருப்பினேன். இரண்டு வந்ததும் என் கை தானாக நின்றது. இருபத்திரண்டு வருடப் பழக்கம், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இடக்கையால் வலக்கையைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டுக்குத் திருப்பினேன்.

"கிட்ட..." என்று அவர் ஆரம்பித்தார்.

"வரலை. இங்கயே நிக்கறேன். மூச்சை மட்டும் இழுங்க."

ஐந்து நிமிடம் அவர் முன்னும் பின்னும் ஆடினார். முட்டியில் குத்திக்கொண்டார். எட்டாவது நிமிடம் குத்துவது நின்றது. பதினோராவது நிமிடம் ஆட்டம் நின்றது. எனக்குத்தான் பயம், மயங்கிவிட்டாரோ என்று நாடியைப் பிடித்தேன். பதினான்காவது நிமிடத்தில் அவர் தலையை நிமிர்த்தி, சிவந்த கண்ணோடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று இருபத்தெட்டு. திரும்ப ஒருமுறை பார்த்தார், அது ஓடுகிறதா என்று.

முகமூடியைக் கழற்றிவிட்டு மெல்லக் கேட்டார். "போயிட்டாரா?"

"போயிட்டார்," என்றேன். அதற்குமேல் தாங்கவில்லை, அழுதுவிட்டேன். "நான்தாங்க பண்ணேன். சீட்டுல பன்னெண்டு. நான்தான் ரெண்டுல வச்சேன். எட்டு ராத்திரி என்னாலதான்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"சீட்டை நானும் படிச்சேன். மீட்டரையும் பாத்தேன். மெக்கானிக்குக்கு அது தெரியாதா?"

"அப்புறம் ஏங்க வாயத் தொறக்கல? சொல்லியிருக்கலாமே!" எனக்கு அழுகையோடு கோபமும் சேர்ந்து வந்தது.

"ஸ்டென்ட்டுக்காக நீ குறைச்சிருப்பேன்னு நினைச்சேன். என் நல்லதுக்குத்தானே செய்வே. நான் லிஃப்ட்டைத் தொறந்து வச்சிருக்கும்போது நீ வந்து என்னிக்காவது கை வச்சிருக்கியா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அதோட சிலிண்டர் வந்த அன்னிக்கு உன் முகத்தைப் பாத்தேன். எப்படிச் சொல்றது?"

பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். நேரத்தை எழுதினார்: ஒன்று பத்து முதல் ஒன்று இருபத்தெட்டு வரை. 'காரணம்' என்ற கட்டம் காலியாக இருந்தது. நான் பேனாவைப் பிடுங்கி, "சிஸ்டரின் அகம்பாவம்" என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டுக் கோடு போட்டு அடிக்கவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. பக்கத்தில் இருந்த 'செய்த வேலை' கட்டத்தில், "சரிசெய்யப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சீசன் முடிய இன்னும் ஐந்து வாரமாவது இருக்கிறது. நாளைக்கும் ஒன்று பத்துக்கு வருவார், அது எங்கள் இருவருக்குமே தெரியும். சிலிண்டரை மூடிவிட்டு, வழக்கம்போல் படுக்கையறைப் பக்கம் திரும்பினேன்.

"எங்க போற?" என்றார். சோபாவுக்கு அடியில் இருந்த போர்வையை எடுத்து உதறி மடியில் போட்டுக்கொண்டு, சோபாவில் ஓரமாக நகர்ந்து இடம் விட்டார். "கிட்ட வா."