பல்லுக்கு ஒரு பட்டியல்

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று எவனோ என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். பல் கிளினிக்கின் கவுண்டரில் நான் கையை ஓங்கித் தட்டியபோது, பேனா ஸ்டாண்டு கீழே விழுந்தது. காத்திருந்த நாலு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"பதினெட்டாயிரம்னு எழுதிக் குடுத்துட்டு, பாதி வேலையில முப்பத்தோராயிரம்னா என்னம்மா அர்த்தம்?"

கவுண்டர்ப் பெண் பேனாக்களைப் பொறுக்கிக்கொண்டே, "டாக்டர் போட்டதுங்க. கையெழுத்துப் போட்டீங்கன்னா அடுத்த சிட்டிங் தேதி குடுத்துடலாம்" என்றாள். அவள் நீட்டிய தாளில் 'திருத்திய மொத்தம்' என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது.

என் வீட்டுக்காரி அப்போதுதான் உள்ளே இருந்து வந்தாள். இடது கீழ்க் கடைவாயில் வேர் சிகிச்சை, இரண்டாவது சிட்டிங். பல்லைத் திறந்து, வேர்களைச் சுத்தம் செய்து, மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்திருந்தார்கள். வேர்களை நிரப்பி, மேலே தொப்பி போடுவது பாக்கி. மரத்துப்போன உதடு ஒரு பக்கமாய்த் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு மென்று தின்ன மிச்சமிருப்பது இடது பக்கம் மட்டும்தான். வலது கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பத்து வருஷத்துக்கு முன்பே பிடுங்கியாயிற்று. இதுவும் போனால் அவள் சோற்றைக் கரைத்துத்தான் குடிக்க வேண்டும். எங்களிடம் இருந்ததோ இருபத்தைந்தாயிரம். அதற்கு மேல் ஒரு காசு புரட்ட வழியில்லை.

"வா, போலாம். பிடுங்கிப் போட்டுட்டுப் போயிடலாம். பிடுங்க ஆயிரம்கூட ஆகாது" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். பிறகு தாளைத் திருப்பி, கவுண்டரில் இருந்த பேனாவை எடுத்து, நின்றபடியே எழுத ஆரம்பித்தாள். நாக்கும் பாதி மரத்திருந்ததால் பேசினால் வார்த்தை குழறியது. எழுத்து மட்டும் அச்சு அடித்தது போல் இருந்தது.

அவள் ஒரு ஹார்டுவேர் கடையில் சரக்கு வாங்கும் பிரிவில் இருப்பவள். லாரி வந்து நின்றால், டிரைவர் ஹாரன் அடித்தாலும் முதலாளி கத்தினாலும், பெட்டியைப் பிரித்து எண்ணாமல் கையெழுத்துப் போட மாட்டாள். அந்தக் கடையில் அவளுக்குப் பெயரே 'பிரிச்சுப் பாரு' அம்மாதான். நான் பைக் மெக்கானிக். வண்டியை விட்டுவிட்டுப் போனவர்களுக்குப் பாதி வேலையில் போன் போட்டு, "இன்ஜினைத் திறந்தப்புறம்தான் தெரியுது சார், மொத்தம் இவ்வளவு ஆகும்" என்று சொல்லிப் பிழைப்பவன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான்.

எழுதி முடித்துத் தாளை என் கையில் கொடுத்து, படி என்று கண்ணால் சொன்னாள். நான் படித்தேன். கோபத்தில் ஆரம்பித்த குரல், படிக்கப் படிக்கத் தானாக இறங்கிவிட்டது.

"தப்பா நினைக்காதீங்க. இந்தப் பல்லுக்கு என்னென்ன வேலை, ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவுன்னு தனித்தனியா எழுதிக் குடுங்க. பழைய எஸ்டிமேட்ல இருந்தது எது, புதுசா சேர்ந்தது எது, ஏன் சேர்ந்தது? விலை கம்மியா வேற வழி இருக்கா? இன்னைக்கு முடிவு சொல்லலைன்னா, இந்த அடைப்பு எத்தனை நாள் தாங்கும்? இதெல்லாம் எழுத்துல கிடைச்சதும் கையெழுத்துப் போடறேன்."

கவுண்டர்ப் பெண் தாளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதெல்லாம் டாக்டர்தான் சொல்லணும்" என்று உள்ளே போனாள்.

வெளியே வந்த டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். முகத்தில் எரிச்சல் இல்லை. தாளை நின்றே படித்துவிட்டு, "நியாயமான கேள்விதான். வாங்க" என்று எங்களை உள்ளே கூட்டிப்போய்த் திரையில் எக்ஸ்ரேயைக் காட்டினார்.

"வழக்கமா இங்க மூணு வேர்க் குழாய் இருக்கும். உங்களுக்கு நாலாவது ஒண்ணு ஒளிஞ்சிருந்தது. முதல் எக்ஸ்ரேல தெரியல. அதை விட்டா திரும்பச் சீழ் பிடிக்கும். அப்புறம், சொத்தையை எடுத்ததுல இந்தப் பக்கச் சுவர் போச்சு. தொப்பி நிக்கணும்னா வேருக்குள்ள ஒரு கம்பி வெச்சு அடித்தளம் கட்டணும். இது ரெண்டும் நிஜமாவே கூடுதல் செலவு."

பிறகு கம்ப்யூட்டரில் பட்டியலைத் திறந்தார். வேர் சிகிச்சை ஏழாயிரம். நாலாவது குழாய் இரண்டாயிரத்து ஐந்நூறு. சாதா அடித்தளம் இரண்டாயிரம். கம்பி வைத்த அடித்தளம் நாலாயிரத்து ஐந்நூறு. ஜிர்கோனியா என்ற உயர்ரகத் தொப்பி பதினாலாயிரம். எக்ஸ்ரே ஆயிரம். கூட்டினால் முப்பத்தோராயிரம்.

என் வீட்டுக்காரி ஒரு கையால் உதட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கை விரலைத் திரையில் வைத்தாள். முதலில் மூன்றாவது வரியில். பிறகு ஐந்தாவது வரியில்.

"அழித்தளம் ழெண்டு வாட்டி" என்றாள். "முழல்ல சொன்ன தொப்பி இழு இல்ல."

சிரிக்கவும் முடியாமல் பெருமையை அடக்கவும் முடியாமல் நான் நின்றேன்.

டாக்டரம்மா திரைக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். "கம்பி போட்டா சாதா அடித்தளம் தேவையில்ல. நான் கம்பின்னு தட்டினதும் இந்தக் கம்ப்யூட்டர் பேக்கேஜா ஜிர்கோனியாவைச் சேர்த்திருக்கு, பழைய வரியையும் நீக்கல. நான் மொத்தத்தை மட்டும் பார்த்துட்டு அனுப்பிட்டேன். என் தப்பு" என்றார். மழுப்பவில்லை. கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கவும் இல்லை. அந்த மனுஷியின் மேல் அப்போதே எனக்கு மரியாதை வந்துவிட்டது.

"முதல்ல பேசின மெட்டல் செராமிக் தொப்பியே இந்தப் பல்லுக்குத் தாராளமாத் தாங்கும். அது எட்டாயிரம். ஜிர்கோனியா வேணுமா வேண்டாமாங்கறது உங்க இஷ்டம். அடைப்பு ரெண்டு வாரம் தாங்கும். அதுக்கு மேல தள்ளிப் போடாதீங்க."

புதுத் தாள் அச்சாகி வந்தது. இந்த முறை வரிவரியாக இருந்தது. பழையது ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம், காரணம் ஒரு பக்கம். மொத்தம் இருபத்து மூவாயிரம். என் வீட்டுக்காரி ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக் போட்டு, கடைசியில் கூட்டிப் பார்த்து, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டாள். ஒரு பிரதியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரத்தில் தொப்பி போட்டாயிற்று. பில்லும் இருபத்து மூவாயிரம்தான், ஒரு பைசா கூடவில்லை. கடைசி நாள் டாக்டரம்மா அவள் வாயைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வலது பக்கம் இது எப்பப் போச்சு? வேர் சிகிச்சை பண்ணிக் காப்பாத்தப் பார்க்கலையா?" என்று கேட்டார்.

"பத்து வருஷம் ஆச்சுங்க. யாரும் கேக்கல" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்குத்தான் தெரியும். அந்த வருஷம் என் பட்டறைக்குக் காற்று கம்ப்ரஸர் வாங்கினோம். பல்லுக்கு எவ்வளவு ஆகும் என்று நான் விசாரிக்கக்கூட இல்லை. பிடுங்கிப் போடு என்றேன். அவளும் பிடுங்கிக்கொண்டு வந்து, ரத்தப் பஞ்சைக் கடித்தபடி எனக்குச் சோறு போட்டாள். வெட்கமாக இருந்தது. இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

கவுண்டரில் அவள் ரசீதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையைத் தட்டாமல், பேனா ஸ்டாண்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுக் கவுண்டர்ப் பெண்ணிடம் சொன்னேன்.

"அம்மா, வலது பக்கம் பல்லு கட்ட ஒரு எஸ்டிமேட் வேணும். என்னென்ன வழி இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு, எல்லாம் தனித்தனியா எழுதிக் குடுங்க. கம்ப்ரஸரை வித்தாவது கட்டிடறேன்."

என் வீட்டுக்காரி ரசீதிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"கம்ப்ரஸர் இருக்கட்டும்" என்றாள். "முதல்ல பட்டியல் வரட்டும், பிரிச்சுப் பார்ப்போம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள், வாய் நிறைய. பத்து வருஷமாக வலது பக்கத்தைக் கையால் மறைத்துச் சிரித்தவள், அன்றைக்குக் கையைத் தூக்கவே இல்லை.