கவனக்குறைவு: நிகழ்வு ஒன்று

எங்கள் அலுவலகம் ஓசூரில், பாகலூர் சாலையில். தொழிற்சாலை விபத்து அறிக்கைகளைக் கணினி புரிந்துகொள்ள, வாக்கியங்களை உடைத்துக் கொடுக்கிறோம். மொழியியல் எம்.ஏ.வுக்குக் கிடைத்த வேலை.

முறை எளிது. ‘வண்டி வாசலருகே காலையில் மோதியது’ என்றால்: ஒரு நிகழ்வு நடந்தது. அது மோதல். செய்தது வண்டி. அந்த நிகழ்வு வாசலருகே. அந்த நிகழ்வு காலையில். எங்கே, எப்போது, எப்படி எல்லாமே நிகழ்வைப் பற்றிய தனித்தனிக் கூற்றுகள். ஒன்றை நீக்கினாலும் மிச்சம் உண்மையாகவே இருக்கும். ‘கிட்டத்தட்ட’ இதில் சேராது. கிட்டத்தட்ட மோதியது என்றால் மோதலே நடக்கவில்லை. அதற்குத் தனிக் கட்டம்.

செவ்வாய்க்கிழமை வந்த அறிக்கையில் பெயர்களை அழித்திருந்தார்கள். மார்ச் பதினொன்று, மூன்றாம் வாசல், 6.50 என்பதை அழிக்கவில்லை. என் மனைவி சுசித்ரா இறந்த நாள், இடம், நேரம்.

முதலில் ‘கிட்டத்தட்ட’ எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

‘பெண் ஊழியர் கவனக்குறைவாகப் பாதையைக் கடந்தார். பின்னோக்கி வந்த வண்டி அவர் மீது மோதியது.’

இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடந்தாள். கூட நடந்த முனிலட்சுமி என்னிடம் சொல்லியிருக்கிறாள். அறிக்கையில் அது இல்லை.

நிகழ்வு ஒன்று, பாதையைக் கடப்பது. நிகழ்வு இரண்டு, மோதல். ‘எப்படி’ கட்டத்தைக் காலியாக விட்டு அனுப்பினேன். அந்த ஒரு கூற்று இல்லையென்றால் மிச்சமெல்லாம் உண்மை.

பத்து நிமிடத்தில் கோப்பு திரும்பி வந்தது. பின்னாலேயே ஜெயசெல்வியும் வந்தாள். எங்கள் வேலையைச் சரிபார்ப்பவள். புதிதாகச் சேர்ந்தவள், என்னைப் பற்றி எதுவும் தெரியாது.

“என்னண்ணா, எம்.ஏ. படிச்சவரு ‘எப்படி’ய காலியா உட்டிருக்கீங்க? நேத்து சேர்ந்ததுங்க கூட உடாதுங்க.”

“எடுத்தாலும் மிச்சம் உண்மைதானம்மா.”

“எடுக்கறது மிஷினோட வேலண்ணா. நாம எடுத்தா அது எதத்தான் எடுக்கும்? வாக்கியத்துல இருக்கறத வெச்சுடணும்.”

“வாக்கியமே பொய்யா இருந்தா?”

“நாம பாத்தமா என்ன? போடுங்கண்ணா, பதினோரு மணிக்குள்ள அனுப்பணும்.”

சொல்லியிருக்கலாம். சொன்னால் கோப்பை வேறொருவருக்கு மாற்றுவாள். அவர் ஒரு நொடியில் போட்டுவிடுவார்.

நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றாள். இந்தக் கூற்று நிகழ்வைப் பற்றியது, ஆளைப் பற்றியது அல்ல என்று நினைத்துப் பார்த்தேன். ஆனால் அதே நிகழ்வில் ‘செய்தவர்’ கட்டத்தில் இருப்பது சுசித்ராதான். மனதுக்குள் ஒவ்வொன்றாக நீக்கினேன். நேரம், வாசல், கவனக்குறைவு. எல்லாம் போன பிறகும் மோதல் நடந்திருந்தது.

தட்டினேன். கவனக்குறைவு: நிகழ்வு ஒன்று.

“பச்சை டிக் விழுந்துடுச்சு பாருங்க,” என்றாள் ஜெயசெல்வி. “இதுக்குப் போயி இவ்ளோ நேரமாண்ணா?”