முன்பிரேக் மட்டும்

முதல் வேகத்தடையிலேயே அக்காவின் ஹெல்மெட் தம்பியின் ஹெல்மெட்டில் போய் டொக்கென்று மோதியது.

"என்னடா, தூங்குறியா?"

"நீதான் சாஞ்சு சாஞ்சு வர்ற. ராத்திரி டியூட்டி பார்த்தவ மாதிரி."

பதினோரு வருடங்களாகத் தினமும் காலையில் அவன் வண்டியின் பின்சீட்டில்தான் அவள் வேலைக்குப் போகிறாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். எல்லோருக்கும் எக்ஸ்ரே அக்கா. அவன் பார்சல் ஆபீசில் டெலிவரி. அவளை வாசலில் இறக்கிவிட்டு, நேரே போய் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றக் கிளம்பிவிடுவான். நாளொன்றுக்கு நூறு கிலோமீட்டருக்குக் குறையாது.

பின்சீட்டில் இத்தனை வருடம் உட்கார்ந்தவளுக்கு ஓட்டுகிறவன் முகத்தைப் பார்க்கவே வேண்டாம். அவன் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறானா, சாப்பிடாமல் வந்திருக்கிறானா என்பது வண்டி சொல்லிவிடும். வேகத்தடை வந்தால் அவன் முப்பது அடி முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிப்பான். வண்டி முன்னும் பின்னும் ஒன்றாக அமுங்கி வேகம் குறையும். மேட்டைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னால் பிரேக்கை விட்டுவிடுவான். முன்சக்கரத்தைத் தாங்கி அமுங்கியிருந்த ஸ்பிரிங் ஃபோர்க் அந்த நொடியில் மூச்சு விட்டு நிமிர்ந்துகொள்ளும். கூடவே, "எழும்பு" என்பான். இருவரும் கால்மிதியில் ஊன்றி, முழங்காலை மடக்கியபடி, சீட்டிலிருந்து ஒரு விரற்கடை எழும்புவார்கள். மேடு வண்டிக்கு அடியில் வந்து போய்விடும். முதுகுக்குத் தெரியாது.

பிரேக்கைப் பிடித்தபடியே பள்ளத்தில் இறக்குகிறவர்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. "ஃபோர்க் ஏற்கெனவே அமுங்கிக் கிடக்கு. அப்புறம் பள்ளத்தை எதுல வாங்குவான்? தலையிலயா?" என்று டீக்கடையில் நின்று கத்துவான்.

ஆனாலும் அவனுடைய அக்கறை எல்லாம் வண்டிக்குத்தான். பார்சல் மூட்டை ஏறினால் பின்பக்கம் தொங்கக்கூடாது என்று பின்சக்கரத்து ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கைக் கடைசிப் படி வரைக்கும் முறுக்கி வைத்திருந்தான். காலையில் மூட்டையோடு போகும்போது சரிதான். மத்தியானம் மூட்டை காலியான பிறகும் அதைத் தளர்த்துவதில்லை. காலி வண்டியில் அந்த ஸ்பிரிங் அமுங்காது. ஒவ்வொரு குழியும் நேரே மேலே ஏறி இடுப்பைக் குத்தும். டயரிலும் மைலேஜ் கிடைக்கும் என்று காற்றை அளவுக்கு மேல் ஏற்றியிருப்பான். போன மாதம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தபோது அவள்தான் அவனுக்குப் படம் எடுத்தாள். கீழே கடைசி இரண்டு எலும்புகளுக்கு நடுவில் இடைவெளி ஒரு கோடாகச் சுருங்கிக் கிடந்தது. எலும்பு டாக்டர், வண்டியைத் தொடாதே என்றார். ஒரு வாரம் தொடாமல் இருந்தான். எட்டாம் நாள் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

இன்று காலை வாசலில் வந்து ஹாரன் அடித்தபோதே சிரித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, வலி போயிடுச்சு. மூணு நாளா ஒண்ணும் இல்ல. உங்க டாக்டரைப் பொட்டியைக் கட்டச் சொல்லு."

அவளுக்கும் சந்தோஷம்தான். சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

இரண்டாவது வேகத்தடை வந்தது. வண்டியின் மூக்கு மட்டும் தரையை நோக்கிக் குத்திட்டது. பின்பக்கம் தூக்கிக்கொண்டது. மறுபடியும் டொக். 'எழும்பு' வரவில்லை. அவனும் எழும்பவில்லை. மூட்டையைத் தூக்கிப் போட்டதுபோல் அவன் உடம்பு சீட்டில் பொத்தென்று விழுந்தது. விழுந்ததற்கு ஒரு 'ஸ்ஸ்' கூட இல்லை.

அவள் சீட்டின் பின்கம்பியை இறுக்கிப் பிடித்தாள்.

அடுத்தது தண்ணீர் நின்ற ஒரு குழி. அதைச் சுற்றிப் போகலாம். அவன் போகவில்லை. முன்பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினான். ஃபோர்க் அடிவரை போய் இரும்போடு இரும்பு இடித்த சத்தம் கேட்டது. தன் வண்டியை இந்தச் சத்தம் எழுப்ப அவன் ஒருநாளும் விட்டதில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். அவனுடைய வலது கால் கால்மிதியில் இருந்தது. ஆனால் முன்பாதம் பின்பிரேக் பெடலின் மேல் இல்லை. வெளிப்பக்கமாகச் சரிந்து, யாரோ கழற்றிப் போட்ட செருப்புபோல் தொங்கிக்கொண்டிருந்தது.

"டேய், பின்பிரேக் போடவே இல்லையா நீ?"

"முன்பிரேக்தான் நல்லாப் பிடிக்குதே."

அவள் தன் ஷூ முனையால் அவனுடைய கணுக்காலை மெல்லத் தட்டினாள். பிறகு கொஞ்சம் அழுத்தி. பிறகு, தம்பி என்றும் பார்க்காமல், ஓங்கி ஒரு இடி.

அவன் திரும்பவில்லை. என்ன என்று கேட்கவில்லை. முன்னால் போகிற தண்ணீர் லாரியைத் திட்டிக்கொண்டிருந்தான்.

எக்ஸ்ரே அறைக்கு வருகிற முதுகுக்காரர்களிடம் டாக்டர் கேட்கும் கேள்விகள் வரிசையாக அவள் காதில் விழுந்தன. கால் மரத்துப்போகுதா? உட்கார்ற இடம் மரத்துப்போகுதா? யூரின் போறது தெரியுதா? எதற்காவது ஆமாம் என்று பதில் வந்தால் டாக்டரின் குரல் மாறிவிடும். பிறகு படம்கூட அவளிடம் எடுக்க மாட்டார்கள். நேரே ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். முதுகுத்தண்டின் அடியில் நரம்புக்கட்டு நசுங்குகிறது என்று அர்த்தம். மணிக்கணக்கில் பார்க்க வேண்டிய விஷயம். தாமதமானால் கால் வராது. மூத்திரத்துக்குக் குழாய்தான், ஆயுசு முழுக்க.

வலி போகவில்லை. வலியைச் சொல்கிற நரம்பு போய்க்கொண்டிருக்கிறது.

"நிறுத்துடா" என்று சொல்ல அவள் வாயைத் திறந்தபோது வண்டி சாலை ஏற்றத்தின் உச்சியைத் தாண்டிவிட்டது.

கீழே, குழாய் பதிக்கத் தோண்டி மூடிய சாலை. தார் இல்லை. சரிவு முழுக்க ஜல்லியைக் கொட்டிப் பரப்பியிருந்தார்கள், உருளை ஓட்டாத உதிரி ஜல்லி. இடதுகைப் பக்கம் திறந்த பள்ளம், ஆள் உயரத்துக்கு. பின்னால் மணல் லாரி ஒன்று ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் வந்தது.

அவன் முன்பிரேக்கைத் தொட்டான். முன்சக்கரம் கல்லின் மேல் வழுக்கி ஒரு சாண் இடப்பக்கம் போனது. பள்ளத்தின் மண்வாடை முகத்தில் அடித்தது. கையை எடுத்தான். சக்கரம் நிமிர்ந்தது. வேகம் ஏறியது.

"அக்கா" என்றான். அந்தக் குரலை, அவன் ஆறு வயதில் கிணற்றடியில் வழுக்கியபோதுதான் அவள் கடைசியாகக் கேட்டிருந்தாள். "அக்கா, கால் பெடலுக்குப் போகல."

"தெரியும். முன்பிரேக்கைத் தொடாத. கையை எடு அதுலேருந்து."

"லாரி வருது..."

"வரட்டும். கியரை இறக்கு. இடதுகால் உன்னுதுதானே? இறக்கு."

இடதுகால் கேட்டது. மூன்றிலிருந்து இரண்டு.

"கிளட்ச்சை டக்குன்னு விடாத. பின்சக்கரம் பூட்டிக்கும். கொஞ்சம் கொஞ்சமா."

அவள் குரல் நடுங்கவில்லை, அது அவளுக்கே ஆச்சரியம். முன்னால் சாயத் துடித்த உடம்பைப் பிடித்து நிறுத்தி, பின்னால் தள்ளி உட்கார்ந்து, முழங்கால்களால் சீட்டை இறுக்கிக்கொண்டாள். அவள் அசைந்தால் வண்டி அசையும். இன்ஜின் உறுமி வண்டியை இழுத்துப் பிடித்தது. சக்கரத்துக்கு அடியில் கற்கள் பொரிகிறதுபோல் தெறித்தன.

"கல்லைப் பார்க்காத. அங்க, அந்த மஞ்சள் தடுப்பைப் பாரு. ஹேண்டிலை முறுக்கிப் பிடிக்காத, அது ஆடட்டும். ஒண்ணாவது போடு."

ஒன்று. இன்ஜின் அலறியது. பிறகு அடங்கியது. சரிவு தீருகிற இடத்தில் வண்டி மனிதன் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. அங்கே குழாயின் மேல் மண்ணைக் குவித்து ஒரு மேடு போட்டிருந்தார்கள். இரண்டு அடி முன்னால் அவள் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றிக்கொண்டாள்.

"இப்பப் பிடி. மெல்ல."

வண்டி ஒருமுறை குலுங்கி அணைந்து நின்றது. பின்னால் லாரி உஸ்ஸென்று காற்றை விட்டு நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "குடும்பச் சண்டையை வீட்ல வெச்சுக்கங்க!" என்றான். அடுத்த நிமிடம் அவனே இறங்கி வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டான். தம்பிக்கு இறங்கத் தெரியவில்லை. வலதுகாலைச் சீட்டுக்கு மேலே தூக்க வேண்டும் என்பது நினைவிருந்தது, கால் வரவில்லை.

லாரியிலிருந்த தார்ப்பாயை மடித்து விரித்து அதில் அவனைப் படுக்க வைத்தார்கள். அவள் அவன் காதருகே குனிந்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டாள்.

"மூணு நாளாவே கால் தடிச்ச மாதிரிதான். பள்ளத்துல விழுந்தா வலிக்கவே இல்ல. நல்லாயிடுச்சுன்னு நினைச்சேன்." கொஞ்சம் நிறுத்தினான். "காலையில சீட்ல உட்கார்ந்தா சீட் இருக்கறதே தெரியல."

"மூத்திரம்?"

அவன் வேறு பக்கம் பார்த்தான். அக்காவிடம் சொல்கிற விஷயமா அது.

"சொல்லுடா!"

"ராத்திரியிலேருந்து வரல. முட்டுதான்னும் தெரியல."

அவள் தன் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு ஆம்புலன்ஸை வரச் சொன்னாள். எலும்பு டாக்டரிடமும் தானே பேசினாள். ஆம்புலன்ஸ் கீழ்ப்பக்கமாக வந்தது. ஆஸ்பத்திரிக்கு இரண்டு கிலோமீட்டர், ஐந்து வேகத்தடை. டிரைவரின் தோளுக்குப் பின்னால் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு, "அண்ணே, முதல்லயே பிடிங்க, ஏறும்போது விட்டுடுங்க" என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னாள்.

"எக்ஸ்ரே அக்கா, இருபது வருஷமா இதைத்தான் ஓட்டுறேன். நீங்க போட்டோ எடுக்கறதை நான் வந்து சொல்லித் தர்றேனா?" என்றான் அவன். ஆனாலும் முதலிலேயே பிடித்து, ஏறும்போது விட்டான்.

படுக்கையில் தம்பி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். "டாக்டர்கிட்ட யூரின் விஷயத்தைச் சொல்லாத. ஆபரேஷன்னு வெச்சா ஆபீசுல வேற ஆளைப் போட்டுடுவாங்க. சும்மா மரத்திருக்கு. இறங்கிடும்."

அவள் அவனுடைய இடுப்பு பெல்ட்டைத் தளர்த்திவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் அவனைக் கண்ணை மூடச் சொல்லி ஊசி முனையை எடுத்தார். "குத்தும்போது சொல்லு."

அக்கா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தாள். ஊசி பாதத்தைத் தொட்டது. அவன் பேசாமல் இருந்தான். ஊசி எடுபட்டது. டாக்டர் கையை அசைக்காமல் காத்திருந்தார்.

"ம். தெரியுது" என்றான் தம்பி.

டாக்டர் ஊசியைத் தொடையின் உள்பக்கம் வைத்தார். மறுபடி மௌனம். எடுத்தார். "இதோ, இப்ப" என்றான். நெற்றி முழுக்க வியர்த்திருந்தது. தேர்வில் பார்த்தெழுதுகிற பையன்போல் காற்றின் அசைவை வைத்து ஊகித்துக்கொண்டிருந்தான்.

அவள் அவனுடைய பெருவிரலைத் தன் கைக்குள் வைத்து மூடினாள். சூடாக இருந்தது. அது அவளுக்குத்தான் தெரிந்தது.

"டாக்டர், அவன் பொய் சொல்றான். ராத்திரியிலேருந்து யூரின் வரல."

அவன் கண்ணைத் திறந்தான். அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. அது தாங்கக்கூடியதாக இருந்தது. கோபத்துக்கு அடியில் இருந்த பயத்தைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

"எக்ஸ்ரேம்மா சொல்றது நிஜமா?" என்றார் டாக்டர்.

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அவன், "ஆமா சார்" என்றான். பிறகு, "கால் வருமா சார்?"

"இன்னிக்கே பண்ணினா பேசலாம். நாளைக்குன்னா என்கிட்ட கேட்காத."

டாக்டர் திரும்பி, "ஸ்கேன், உடனே. தியேட்டருக்குச் சொல்லுங்க" என்றார். குரல் மாறியிருந்தது.

மாலை நான்கு மணிக்கு முதுகைத் திறந்து அழுத்தத்தை எடுத்தார்கள். மூன்றாம் நாள் குழாயை எடுத்தபோது மூத்திரம் தானாக வந்தது. அதைக் கேட்டு அவள் வராந்தாச் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். வலது பாதம் முழுதாக வரவில்லை. கட்டைவிரலும் அதற்கடுத்ததும் மட்டும் அசைந்தன. அதன் பிறகு அவன் உயிரோடு இருந்த ஒன்பது வருடங்களும் அவன் வண்டியைத் தொடவில்லை. ஆபீசுக்குள்ளேயே பார்சல் பிரிக்கிற மேஜையில் உட்கார்ந்தான். பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடந்தான்.

அந்தத் தேய்ப்புச் சத்தம் வாசலில் கேட்டால் அவள் உள்ளே அடுப்பை ஏற்றுவாள். அவன் வந்து உட்கார்ந்து, "பொய் சொன்னவனைக் காட்டிக் குடுத்தவளே, காபி எங்க?" என்பான்.