எடுப்பான கலர்

கடை மேசையில் இரண்டு லேப்டாப்புகள் திறந்து கிடந்தன, ஒன்று பழையது, ஒன்று புதியது. இரண்டிலும் ஒரே கேக்கின் போட்டோ. அன்று காலையில் வேல்விழி சுட்டு, ஜன்னலோரம் வெள்ளைத் துணி விரித்து எடுத்த படம். பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"உங்க போனையும் பக்கத்துல வைங்கக்கா" என்றான் கடைக்காரன் அழகுராஜா. "எதுல இருக்கிறது உங்க கேக்கு? நீங்களே சொல்லுங்க."

அவள் பார்த்தாள். பழைய லேப்டாப்பில் இருந்தது அவள் கேக்தான். அடர்ந்த, கொஞ்சம் கறுத்த சிவப்பு. போனில் இருந்ததும் அதே சிவப்புதான். புது லேப்டாப்பில் மட்டும் அந்தச் சிவப்பு பத்துத் தடவை துவைத்த பாவாடை மாதிரி வெளுத்துக் கிடந்தது.

"தலையத் தாழ்த்திப் பாருங்க."

தாழ்த்தினாள். புதியதில் படம் இருண்டு போனது. எழுந்து நின்று பார்த்தால் சாம்பல் பூத்தது. பழையது எப்படிப் பார்த்தாலும் அப்படியே இருந்தது.

"இந்தப் புதுசு கணக்கெழுத, படம் பாக்க ஓடும்க்கா. ஸ்கிரீன் மட்டம். பொருளப் போட்டோ பிடிச்சு விக்கிறவகளுக்கு ஆகாது. அந்தப் பழசு ஏதோ ஐடி கம்பெனில இருந்து கழிச்சது. ஐபிஎஸ் ஸ்கிரீன், எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் கலர் மாறாது. ரேம் எட்டு, எஸ்எஸ்டி இருக்கு, உங்க வேலைக்கு அது தாராளம். பேட்டரிக்குத்தான் வயசாயிருச்சு, பிளக்குல போட்டே பாக்கணும். மூணு மாசம் நான் பொறுப்பு."

புருசன் முனியராஜ் பழைய லேப்டாப்பை மூடி, மேலே இருந்த கீறல்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். ஒரு மூலையில் எவனோ ஒட்டிக் கிழித்த ஸ்டிக்கரின் பிசின் இன்னும் இருந்தது.

"எவனோ தேச்சுத் தூக்கி எறிஞ்சத நம்ம தலையில கட்டப் பாக்கியாய்யா?"

"அண்ணே, அதுல எனக்கு லாபமே கம்மி. நான் எதுக்குக் கட்டப்போறேன்?"

"லாபம் கம்மின்னு சொல்ற கடைக்காரன இன்னைக்குத்தான் பாக்கேன். ஏ வேலு, மொத மொத நமக்குன்னு ஒரு சாமான் வாங்குதோம். புதுசாத்தான் வாங்குவோமே. ஸ்கிரீனும் பெருசு. பையும் சும்மா தாராக."

வேல்விழிக்கு வாய் வரைக்கும் வந்தது, பழசே போதும் என்று. வெளியே வரவில்லை. அந்தப் பணம் தீபாவளிக்கு அவன் வாங்கிய போனஸ். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற ரூமில் நின்று வாங்கியது. அந்த ரூமுக்கு விடியக் கருக்கலில், வெயில் ஏறுவதற்கு முன்னால் போக வேண்டும். அவனோடு நின்றவர்களில் இருவர் இப்போது மாலை போட்ட படத்தில்தான் இருக்கிறார்கள். "கேக்குல நம்ம பொழச்சுக்கிடலாம், நீங்க அங்கன போக வேணாம்" என்று வருசம் முழுக்கப் பிடுங்கி எடுத்து, இந்தத் தடவை கம்பெனி திறக்கும்போது வரமாட்டேன் என்று அவனைச் சொல்ல வைத்தவள் அவள்தான். அவன் கேட்ட ஒரே ஒரு ஆசைக்கு எப்படிக் குறுக்கே நிற்பது? புதியதையே கட்டச் சொல்லிவிட்டாள்.

லேப்டாப் வேண்டியிருந்தது உண்மைதான். போன் ஒன்றே ஒன்று. ஆர்டரும் அதில்தான், போட்டோவும் அதில்தான், முகவரியும் அதில்தான். அவன் டெலிவரிக்குப் போனை எடுத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினால், அவளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. முட்டை போடாத கேக் கேட்ட வீட்டுக்கு முட்டைக் கேக் போய்ச் சேர்ந்து, அந்த ஐயர் வீட்டம்மாள் பெட்டியை அப்படியே வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம்தான் இந்த யோசனை.

லேப்டாப் வந்ததும் கேபிள்காரரிடம் நெட் இழுத்தார்கள். வாட்ஸப்பை அதிலும் இணைத்தாள். போன் எங்கே போனாலும் ஆர்டர் இங்கே வந்தது. யாருக்கு என்ன கேக், எத்தனை கிலோ, என்றைக்கு, முட்டை உண்டா இல்லையா என்று எக்செல்லில் கட்டம் கட்டினாள். அந்த வகையில் அது நல்ல மாடுதான், சொன்ன வேலையைச் செய்தது.

போட்டோவில்தான் அவளுக்கு நிறைவு வரவில்லை. காலையில் எடுத்த படங்களை லேப்டாப்பில் ஏற்றிப் பார்த்தால் எல்லாம் சோகை பிடித்த மாதிரி இருந்தன. கலரைக் கூட்டுகிற கோட்டை வலது பக்கம் இழுத்தாள். கொஞ்சம் உயிர் வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். சிவப்பு சிவப்பாக வந்ததும் நிறுத்தி, இன்ஸ்டாவிலும் வாட்ஸப்பிலும் போட்டாள். அப்படியே வழக்கமாகிவிட்டது. கடையில் பார்த்தது மறந்துபோனதா என்றால் மறக்கவில்லை. நாலு நாள் பார்த்தால் கண் பழகிவிடும் என்று நினைத்தாள். கண் பழகத்தான் செய்தது.

முனியராஜ் அந்தப் படங்களைப் போனில் பார்த்தான். அவனுக்கு ஒரே சந்தோசம்.

"ஏ புள்ள, சும்மா தகதகன்னு இருக்கு! பூச்சட்டிப் பட்டாசுப் பெட்டி லேபிள் தோத்துப்போகும்."

"ரொம்பக் கூடிப்போச்சோ?"

"கூடினா என்ன? லேபிள் எடுப்பா இருந்தாத்தான் பெட்டியக் கையில எடுப்பான். உள்ள இருக்கிறது பெறகு. இத்தன வருசம் பாத்தவன் சொல்லுதேன்."

போன் சாயங்காலம் சார்ஜ் இல்லாமல் செத்து வீட்டுக்கு வரும். அவளுக்கு அடுத்த நாள் மாவு சலிக்கிற வேலை இருக்கும். தான் போட்ட படத்தைத் தானே போனில் திறந்து பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

டிசம்பர் பிறந்ததும் ஆர்டர் நன்றாக ஏறியது. கிறிஸ்துமஸ், புதுவருசம், பிறந்தநாள்கள். இதைத் தாண்டிவிட்டால் அவன் கம்பெனிப் பக்கம் திரும்பவே வேண்டாம் என்று அவள் மனசுக்குள் கோட்டை கட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஆர்த்தி கூப்பிட்டாள். சாத்தூரில் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற வீட்டு மருமகள். மகள் பிறந்தநாளுக்குப் பெரிய கேக் சொல்லியிருந்தாள்.

"வேல்விழி, தப்பா எடுத்துக்கிடாத. உங்க வீட்டுக்காரர் பட்டாசுல மருந்து ரூம்லதான இருந்தாரு?"

"ஆமாங்கக்கா. இப்ப நின்னாச்சு."

"இல்ல... எங்க ஸ்கூல் குரூப்ல ஒன்னோட போட்டோவப் போட்டு ஒருத்தி கேக்குறா, இது கேக்கா, கலர் மத்தாப்பான்னு. அப்பிடி எரியுது செவப்பு. என்ன பவுடர் போடுறாகளோங்கிறா. நான் சொன்னேன், நல்ல புள்ளைன்னு. ஆனா எங்க அத்தை ஒரேயடியா வேணாங்கிறாக. சின்னப் புள்ளைக சாப்பிடுறது பாரு."

"அக்கா, பீட்ரூட் சாறுக்கா. கடையில விக்கிற கேக் கலரு ஒரு சொட்டு. நீங்க போன மாசம் சாப்பிட்டீகளே!"

"சாப்பிட்டேன். அது இம்புட்டு செவப்பா இல்லையே."

வேல்விழிக்கு அந்தக் கடைசி வார்த்தைதான் உறைத்தது. ஆனால் அப்போது அதைப் பிடித்துக்கொண்டு யோசிக்கவில்லை. ஆத்திரத்தில் மனுசி எதைச் செய்யக் கூடாதோ அதைச் செய்தாள். பீட்ரூட் அரைப்பதிலிருந்து கேக் வெட்டுவது வரை போனில் வீடியோ எடுத்து, ஒரு திருத்தமும் செய்யாமல் அப்படியே எல்லாருக்கும் அனுப்பினாள். வீடியோவில் கேக் இருக்கிறபடி இருந்தது, கறுத்த சிவப்பாக. முனியராஜ் போனோடு டெலிவரிக்குக் கிளம்பியதும், லேப்டாப்பில் ஒரு பெண்ணின் பதில் வந்து விழுந்தது: 'போட்டோல ஒரு கேக்கு, வீடியோல ஒரு கேக்கு. எதும்மா விக்கிறது?'

அவன் டெலிவரி முடித்து வந்ததும் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். லேப்டாப்பில் அந்தப் படத்தைத் திறந்து, போனிலும் திறந்து, இரண்டையும் ஒட்டி வைத்தாள்.

லேப்டாப்பில் கேக் இருந்தது. போனில் இருந்ததை அவளால் கேக் என்று சொல்ல முடியவில்லை. அப்போதுதான் வெட்டிய ஆட்டுக் கழுத்து. மேலே தூவிய பச்சைப் பிஸ்தா பாம்பு விஷம் மாதிரி. வெள்ளைக் கிரீமின் ஓரத்தில்கூட ஒரு ரோஸ் ஏறியிருந்தது. ஒரு மாசமாக இதைத்தான் ஊரெல்லாம் பார்த்திருக்கிறது.

"இதப் பாத்தீகளா?"

"பாத்தேனே. நல்லாத்தான இருக்கு."

அவனை என்ன சொல்வது? சொல்லவேண்டியதைக் கடையில் சொல்லாமல் விழுங்கியவள் இப்போது யாரை ஏச முடியும்?

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு மறுநாள் அழகுராஜா கடைக்குப் போனாள். அவன் பையைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"அந்தப் பழசு அன்னைக்கே போயிருச்சுக்கா. வாழைக்காய்ச் சிப்ஸ் ஆன்லைன்ல விக்கிற ஒரு பையன் தூக்கிட்டுப் போயிட்டான். இத நான் திரும்ப எடுத்தா பாதி விலைதான் போகும், உங்களுக்கு மனசு தாங்காது."

"இதுல கலரச் சரி பண்ண முடியாதா தம்பி?"

"கொஞ்சம் தட்டிக்கொட்டலாம். இல்லாத செவப்ப ஸ்கிரீன் எங்க இருந்து காட்டும்? ஒண்ணு செய்ங்க. போட்டோ திருத்துறத போனுலயே முடிச்சிருங்க. இதுல ஆர்டர் மட்டும் பாருங்க. எல்லாம் சரியாப் போகும்."

போட்டோ சரியாகத்தான் போனது. பழைய படங்களை எல்லாம் அழித்துவிட்டு, உள்ள கலரிலேயே புதிது போட்டாள். ஆனால் ஊர் வாய் எக்செல் கட்டமா, அழித்து எழுத? 'மருந்துக் கேக்கு' என்று பேர் வைத்தாகிவிட்டது. பயந்து கலரைக் குறைத்துவிட்டாள் என்று அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். புதுவருசத்துக்கு வந்த ஆர்டர்களை லேப்டாப்பில் பார்க்க உருட்டவே வேண்டியிருக்கவில்லை. ஒரு திரைக்குள் அடங்கிப்போயின.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் கம்பெனி போர்மேன் சங்கிலிமுத்து வாசலில் வண்டியை நிறுத்தி, முனியராஜோடு நின்று பேசினார். அவர் போன பிறகு அவன் உள்ளே வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் மோந்து குடித்தான்.

"பேக்கிங்லதான் போடுதேன்னாரு."

"பேக்கிங்குக்கு எதுக்கு ஒங்களத் தேடி வாராரு? அதுக்குப் பொம்பளையாளுக இல்லையா?"

அவன் சொம்பைக் கவிழ்த்து வைத்தான். அவள் மறுபடி கேட்கவில்லை. கேட்டுப் போகாதீகன்னு சொன்னால், வேறு எங்கே போகச் சொல்வது?

தையில் வேன் வந்து இருட்டோடு அவனை ஏற்றிக்கொண்டு போனது.

அன்று அவளுக்கு ஒரே ஒரு ஆர்டர் இருந்தது. தெருக்கோடியில் இருக்கிற பொன்மணி டீச்சர். ஊர் பேசியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மகனுக்கு அரைக் கிலோ கேக் சொல்லியிருந்தாள். வேல்விழி மாவைக் கலந்து ஓவனில் வைக்கப் போகும்போது மத்தியானத்து வேனில் அவன் வந்து இறங்கினான். புருவம், காது மடல், நகக்கண் எல்லாம் அலுமினியப் பவுடரின் வெள்ளி. பேக்கிங்கில் ஒட்டுகிற சாமான் இல்லை அது. வெக்கையில் வந்தவன், அவள் சொல்வதற்குள் சமையல்கட்டுக்குள் புகுந்து பிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தான்.

"ஐயோ, கைய..."

அவன் கையைப் பார்த்தான். பிறகு அவளை. சிரிக்கப் பார்த்தான்.

"ஊர்க்காரி பேசுனது இப்ப நெசம்னு ஆயிருமோ?"

பாட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் குளிக்கப் போய்விட்டான்.

பிரிட்ஜ் கைப்பிடியில் நாலு விரலும் வெள்ளியாகப் பதிந்திருந்தன. ஈரத்துணியால் துடைத்தாள். கைப்பிடி சுத்தமானது, துணி வெள்ளியானது. அதை வெளியே எறிந்துவிட்டு வேறு துணி எடுத்தாள். பாட்டில் இருந்த தட்டு, கதவு ரப்பர், அவன் கடந்து வந்த மேடை ஓரம். மாவுச் சட்டி அந்த மேடையில்தான் திறந்து கிடந்தது. குனிந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சத்தில் சாய்த்தும் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை.

மாவைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். பிறகு லேப்டாப்பைத் திறந்து, பொன்மணி டீச்சருக்கு, 'இன்னைக்கு முடியலை டீச்சர், மன்னிச்சிருங்க' என்று அடித்து அனுப்பினாள்.