நான்கு முகாமில் ஏழு தடவை வராதவர்

மஹய்யாவையில் ஊர் நலன்புரிச் சங்கம் நடத்திய இலவசக் கண் முகாமுக்கு மாதாமாதம் நாற்பது பேர் பதிவார்கள். வருவது இருபத்தெட்டு, முப்பது. டாக்டர் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தில் செயற்குழு காலிக் கதிரைகளைப் பார்த்துப் பார்த்து வருத்தப்படும். வருத்தப்படுவதில் மட்டும் செயற்குழு ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.

நாலாவது முகாமுக்கு மறுநாள், மாநகர சபையில் லிகிதராக வேலை செய்யும் சங்கச் செயலாளர் நிஷாந்தி, வராதவர்களுக்கு அனுப்ப ஒரு குறுஞ்செய்தி எழுதினாள். நேற்று உங்களைக் காணவில்லை, ஏதும் சிரமமா, வர முடியாவிட்டால் முதல்நாளே சொல்லுங்கள், இடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்று நாலு வரி. கூடவே வராதவர்களின் பட்டியலையும் கணினியில் எடுத்தாள். ஒரே பெயரில் பலர் இருந்ததால் தொலைபேசி எண்ணை வைத்தே எண்ணினாள். ஒரு எண் தனியாகத் தெரிந்தது. ஏழு தடவை வரவில்லை.

அன்று மாலைக் கூட்டத்தில் அந்த எண் பெரிய மனிதராகிவிட்டது. தலைவர் சந்திரகுமாருக்குப் புடவைக் கடை. கடன் சொல்லிப் போனவர்களின் முகமெல்லாம் அவருக்கு அந்த எண்ணில் தெரிந்தது. இரண்டு தடவைக்கு மேல் வராதவர் அடுத்த முறை பதிய ஆயிரம் ரூபாய் வைப்புப்பணம் கட்டவேண்டும், வந்தால் அன்றே திருப்பிக் கொடுக்கப்படும் என்று முடிவானது. நாலே முகாம் நடந்திருக்க ஒருவர் எப்படி ஏழு தடவை வராமல் இருந்தார் என்று யாரும் கேட்கவில்லை. எண்ணியவள் நிஷாந்தி. அவளும் கேட்கவில்லை.

தமிழில் குறுஞ்செய்தி நீண்டால் இரண்டு, மூன்று செய்திக்கான காசு போகும். தலைவர் சிக்கனக்காரர். சிரமமா என்ற கேள்வி முதலில் போனது. திருப்பிக் கொடுக்கப்படும் என்பதும் போனது. "வந்தா தெரிஞ்சுக்குவாங்கதானே பிள்ள," என்றார். கடைசியில் அந்த எண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது இவ்வளவுதான்: நீங்கள் 7 தடவை வரவில்லை. இனிப் பதிய ரூ.1000 கட்டவும்.

அடுத்த இரண்டு முகாமிலும் வராதவர்கள் இரண்டு பேர், ஒருவர். செயற்குழு படம் எடுத்துக்கொண்டது. டாக்டர்தான் அதில் இரண்டாவது முகாம் முடிவில் கேட்டார், ஹந்தானைத் தோட்டத்திலிருந்து வந்து கண் அழுத்தத்துக்கு மருந்து வாங்கிய அம்மா எங்கே, சொட்டு மருந்து ஒரு மாதத்துக்குத்தானே கொடுத்தேன் என்று. நிஷாந்தி பெயரைத் தேடினாள். சுப்பம்மா. முதல் மூன்று முகாமுக்கும் வந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தது அதே ஏழு தடவை எண். உடனே அழைத்தாள்.

எடுத்தது கஜலட்சுமி, வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்பவள். "ஏழு தடவ இல்லீங்க மிஸ், ஏழு பேரு," என்றாள். "எங்க லயத்து வீடுகள்ல பதிவுக்கெல்லாம் எம் போன் நம்பரத்தான் குடுப்பாங்க. நாலாவது முகாமன்னிக்கு மண்ணு சரிஞ்சு பஸ் வரல. ஒங்க மெசேஜ்ஜ பாத்துட்டு ஆளுக்கு ஆயிரம் தண்டம்னு நெனச்சோம். எல்லாரும் வேணாம்னுட்டாங்க."

பணம் வேண்டாம், சுப்பம்மாவை மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்றாள் நிஷாந்தி. ஒரு நாள் போனார்களாம். வரிசை நகரவில்லை, சம்பளமும் போனது. சுப்பம்மா ஞாயிற்றுக்கிழமை முகாமையே நம்பினார். விதியைத் திருத்தச் சொல்லி நிஷாந்தி தலைவருக்குத் தொலைபேசி எடுத்தாள். கூட்டத்தில் வைப்போம் என்றார். கூட்டமோ அடுத்த முகாமுக்கு மறுநாள்தான்.

முகாமன்று நிஷாந்தி மருந்துப் பெட்டியோடு வருவதற்குள் சுப்பம்மா மேசையில் ஆயிரம் ரூபாயைக் கட்டியிருந்தார். ஏழு வீட்டில் சேர்த்தது. தலைவர் ஒழுங்காக ரசீதும் கொடுத்திருந்தார்.

டாக்டர் இரண்டு தடவை பார்த்தார். வலது கண்ணை மருந்தால் காப்பாற்றி வைக்கலாம், இடதில் போன பார்வை போனதுதான் என்றார். சுப்பம்மா தலையாட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிறதா என்று கஜலட்சுமியைக் கேட்டார்.

வாசலில் நிஷாந்தி ஆயிரம் ரூபாயையும் பதிவேட்டையும் நீட்டினாள். வந்தவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும், கையெழுத்து வேண்டும். சுப்பம்மா பணத்தை வாங்கவில்லை.

"நீங்களே வச்சுக்குங்க மிஸ், அடுத்த மாசத்துக்கு. நா வராட்டி எடுத்துக்கலாம்."

வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா, இது உங்களுடைய பணம் என்று நிஷாந்தி இரண்டு தடவை சொன்னாள். சுப்பம்மாவுக்கு அது பேரமாகப்பட்டிருக்கவேண்டும். இன்னும் கூடக் கட்டவேண்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.