ஏரியைப் பற்றி ஒரு பத்தி

நடந்தது சனிக்கிழமையா ஞாயிறா என்பது எனக்கு இப்போது நிச்சயமில்லை. இதைச் சொன்ன கணவன், மனைவி இருவருமே ஆளுக்கொரு கிழமை சொன்னார்கள். பத்தி திரும்பி வந்தது மட்டும் உண்மை.

பகலெல்லாம் பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் அவள். ஒரு பயண வலைப்பூவுக்கு முதன்முறையாகக் கட்டுரை அனுப்பியிருந்தாள். தேறினால் மாதாமாதம் எழுதலாம் என்று அதன் ஆசிரியை சொல்லியிருந்தார். இப்போது பதில் வந்திருந்தது. மற்றதெல்லாம் சரி, ஏரியைப் பற்றிய பத்தியை மட்டும் மாலைக்குள் மாற்றித் தர வேண்டும்.

'இயற்கை அன்னையின் மடியில் தவழும் எழில் கொஞ்சும் ஏரி. காண்போர் கண்களுக்கு விருந்து. நகரப் பரபரப்பிலிருந்து விடுபட நினைப்போருக்கு ஒரு சொர்க்கம்.'

வேறோர் ஏரியின் பெயரைப் போட்டு இதைப் படித்துப் பாருங்கள் என்பது ஆசிரியையின் குறிப்பு. போட்டாள். பொருந்தியது. வீம்புக்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் போட்டாள். அதுவும் பொருந்தித் தொலைத்தது.

இணையத்தில் தேடி ஏரியின் நீளத்தையும் ஆழத்தையும் சேர்த்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவள் கணவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஆழத்த எப்பம்மா குதிச்சு அளந்த? கண்ணால பாத்தத எழுதேன்."

இருவரும் ஏரிக்குப் போன அன்று யாரிடமும் வழி கேட்க மாட்டேன் என்று அவர் அடம்பிடித்ததில் சண்டை. அவர் தனியாகப் படகேறினார், அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கரை வரை போய் வந்ததாக அவர் அதுவரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். தான் படகுப் பக்கமே திரும்பவில்லை என்று அவளும் சொல்லியிருந்தாள்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதினாள்:

'கரையோர பெஞ்சில் கோபமாக உட்கார்ந்திருந்தேன். இருவர் மிதிக்கும் அன்னப் படகில் என் கணவர் தனியாகப் போனார். அவர் பக்கம் தாழ்ந்து, காலிப் பக்கம் எழும்பி, படகு ஒரே இடத்தைச் சுற்றியது. மூன்றாவது சுற்றில் படகுக்காரர் கொக்கிக் கழியோடு போய் இழுத்து வந்தார். ஆட்கள் பிடித்துப் பிடித்து அன்னத்தின் கழுத்தில் வெள்ளைப் பெயின்ட் போய், அடியிலிருந்த பச்சை தெரிந்தது. என் சிரிப்பை மறைக்கக் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.'

அவர் இரண்டு முறை படித்தார்.

"அப்ப பாத்துக்கிட்டுதான் இருந்தியா?"

"மூணு சுத்தும் பாத்தேங்க."

"எங்கிட்ட வண்டி கத்துக்கிறவங்க படிப்பாங்களேம்மா."

"வேணாம்னா சொல்லுங்க. சொர்க்கத்தையே திரும்பப் போட்டுடறேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். படகுதான் கோணல் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"மூணு இல்ல, நாலு. முத சுத்துல நீ கார் நிறுத்துற பக்கம் பாத்துக்கிட்டிருந்த. நான் உன்னத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

அவள் எண்ணை மாற்றவில்லை. 'நான் பார்த்தது மூன்று, நான்கு என்கிறார் அவர்' என்று ஒரு வரி சேர்த்து அனுப்பினாள்.

பத்தி அப்படியே வெளிவந்தது. அவள் இரண்டு வருடம் மாதந்தோறும் எழுதினாள். ஆசிரியை வேறு வேலைக்குப் போனதும் வலைப்பூ நின்றுபோனது. கணவர் இன்னும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அவரிடம் கற்றுக்கொண்டிருந்தவர்களில் யாரும் விலகவில்லை.