சுவரில் ஒட்டிய ‘நீ’

அண்ணி வாயில் இனிக்கிற சொல் சுவரில் ஏறியதும் ஏன் இப்படிக் கசக்கிறது என்று அவள் மனதுக்குள் கேட்டுக்கொண்டே மேலாளரின் அறை வாசலில் நின்றாள்.

அண்ணி அவளை ‘நீ’ என்றுதான் கூப்பிடுவாள். அம்மா போன பிறகு வளர்த்தவள். அந்த ‘நீ’யில் தலை வாரிவிட்ட கை இருந்தது. அவள் மட்டும் அண்ணியை இன்றுவரை ‘நீங்க’ என்பாள். இரண்டுமே பாசம்தான். யார் யாரைச் சொல்கிறார்கள் என்பது அந்தச் சொல்லுக்கே தெரிந்திருந்தது.

ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுத்துத் தேய்க்கும் இந்த ஆலையில் அண்ணி தேய்ப்புக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இவளுக்கு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பு வேலை. தலைமையகத்து ஆங்கில அறிவிப்புகளைத் தமிழாக்கித் தர வேண்டும். வேலை நிரந்தரமாக இன்னும் மேலாளரின் ஒரு கையெழுத்துதான் பாக்கி.

போன வாரம் வந்த அறிவிப்பு சின்னது. கைபேசியைப் பெட்டியில் வைத்துவிட்டு வேலைக்கு வர வேண்டும். துணி தேய்க்கும் உருளை இயந்திரத்தருகே கவனம் சிதறினால் கை போய்விடும், விதியில் தவறில்லை. ‘உங்கள் கைபேசியைப் பெட்டியில் வையுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தாள். அலுவலகத்துக்கும் கூடத்துக்கும் ஒரே வாசகம்.

சுவரில் ஏறியதோ வேறு. அலுவலகத்துப் பலகையில் ‘தாங்கள் தங்கள் கைபேசியைப் பெட்டியில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.’ கூடத்தில் ‘உன் கைபேசியைப் பெட்டியில் வை. மீறினால் நீ தண்டிக்கப்படுவாய்.’ இரண்டின் கீழேயும் மொழிபெயர்ப்பாளர் என்று அவள் பெயர்.

சாப்பாட்டு வேளையில் அண்ணி வந்து எதிரில் உட்கார்ந்தாள். பின்னால் கூடத்துப் பெண்கள்.

“நீ எழுதினதா இது?”

“இல்ல அண்ணி. நான் ‘வையுங்கள்’னுதான் குடுத்தேன். மாத்தியிருக்காங்க.”

“அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.” அண்ணி திரும்பி, “கேட்டீங்களாடி? நம்ம பொண்ணு இல்ல. மேல இருக்குற மைக்செட்டு வேலை!” என்றாள்.

மைக்செட் என்றால் மேலாளர். கத்தாமல் அவருக்குப் பேச வராது.

“நாங்க இருவது பேரு இருக்கோம்க்கா,” என்றாள் ஒருத்தி. “அதுல ‘உன்’னுதானே போட்டிருக்கு? எவளுக்குன்னு தெரியல. எனக்கில்லன்னு நான் பாக்கெட்லயே வச்சுக்கிட்டேன்.”

“எனக்கும் இல்லடி.”

“அப்ப எனக்கு மட்டுமா?”

சிரிப்பு அடங்க நேரமானது. ஆனால் அண்ணி சிரிக்கவில்லை. “போனை வைக்கறதுக்கு எங்களுக்கு என்ன நோவு? என் வயசுக்குக் கூடத்துல ஒருத்தரும் என்னை இப்படிக் கூப்பிட்டதில்ல. அதை ஒரு தடவை சரியாச் சொல்லட்டும், நானே எல்லார்கிட்டயும் வாங்கிப் பெட்டியில போடுறேன்.”

மேலாளர் சரியாகச் சொல்லவில்லை. கைபேசியை வைக்காததற்கு நான்கு பேருக்கு எச்சரிக்கைக் கடிதம் தயாரானது. முதல் பெயர் அண்ணியுடையது.

இப்போது அறைக்குள் மேலாளர் கூடத்து அறிவிப்பின் தாளை அவள் பக்கம் தள்ளினார். குரலில் தேன். “நீங்க உட்காருங்க மேடம். அறிவிப்பு புரியலன்னு சாக்கு சொல்றாங்க. மூலத்துக்குச் சரியான தமிழ்தான்னு நீங்க ஒரு வரி எழுதிக் கையெழுத்து போட்டா முடிஞ்சுது.”

“சார், நான் குடுத்தது இது இல்லையே.”

“அதுக்கென்ன? மூலத்துல எல்லாருக்கும் ஒரே வார்த்தைதானே. மரியாதைன்னு தனியா ஒண்ணு எங்க இருக்கு அதுல?”

“அவமரியாதையும் இல்ல சார். ஒரே வார்த்தைதான். அலுவலகத்துக்கு ‘தாங்கள்’ ஆச்சு, கூடத்துக்கு ‘நீ’ ஆச்சு. அதைப் பிரிச்சது மூலம் இல்ல.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “கூடத்து ஆளுங்களுக்கு ‘ங்க’ போட்டா தலையில ஏறி மிளகாய் அரைப்பாங்க. உங்க நிரந்தரக் கடிதம் என் மேசையிலதான் இருக்கு. யோசிச்சுக்கோங்க.”

யோசித்தாள். வீட்டு வாடகை வந்தது, அண்ணன் முகம் வந்தது. கூடவே, தன் பெயருக்கு மேலே நிற்கும் அந்த ‘நீ’யை அண்ணி ஒவ்வொரு எழுத்தாகப் படித்திருப்பாள் என்பதும் வந்தது. பயம் இருந்தது. ஆனால் கை மேசையிலிருந்த பேனாவை எடுக்கவில்லை. அது பயத்துக்குக் கட்டுப்படாது போல இருந்தது.

“புதுசா எழுதித் தரேன் சார். ரெண்டு பலகைக்கும் ஒரே மாதிரி. அண்ணியே போன்களை வாங்கி வைக்கறேன்னு சொல்லியிருக்காங்க.”

“நான் கேட்டது அது இல்ல. கையெழுத்து போடு.”

‘மேடம்’ போய்விட்டது. ‘நீங்க’ போய்விட்டது. சுவரில் இருந்த ‘நீ’ இப்போது மேசைக்கு இந்தப் பக்கமும் வந்து உட்கார்ந்தது. அவளுக்கு ஏனோ உடம்பு லேசானது.

தாளை இரண்டு விரலால் அவர் பக்கமே மெல்ல நகர்த்தினாள்.

“மன்னிச்சுக்கோங்க சார். நான் போட மாட்டேன்.”